நோய்த்தடுப்பின் நான்கு நிலைகள்: நீரிழிவு, காசநோய், சாலைக் காயம் மூன்றுக்கும் கட்டம் நிரப்ப ஒரு முழுமையான வழிகாட்டி

சுகாதாரப் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி தரும்போது முதல் நாளே ஒரு தாளைக் கொடுத்துவிடுவேன். இடப்பக்கம் மேலிருந்து கீழாக நீரிழிவு, காசநோய், சாலை விபத்துக் காயம். மேலே இடமிருந்து வலமாக முதல்நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை, நான்காம் நிலைத் தடுப்பு. மொத்தம் பன்னிரண்டு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எடுத்துக்காட்டு எழுத வேண்டும்.

பத்து நிமிடத்தில் பெரும்பாலோர் முடித்துவிடுவார்கள். அதில் நான்கைந்து கட்டங்களாவது தவறாக இருக்கும். நோயைப் பற்றி அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. எழுதத் தொடங்கும் இடம்தான் சறுக்குகிறது. ‘தடுப்பூசி என்றால் முதல்நிலை, பரிசோதனை என்றால் இரண்டாம் நிலை’ என்று செயலைப் பிடித்துக்கொண்டு தொடங்குகிறார்கள். செயலுக்கென்று நிலையான இடம் எதுவும் கிடையாது. யாருக்குச் செய்கிறோம், எதைத் தடுக்கச் செய்கிறோம் என்பதைப் பொறுத்து அது கட்டம் மாறும். ஆகவே கீழே உள்ள வரிசை மாறாமல் செய்யுங்கள்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு நிலைகளின் பொருள் ஒவ்வொரு வரியில் தெரிந்திருந்தால் போதும்.

முதல்நிலை என்பது நோய் வருமுன்பே வராமல் தடுப்பது. இரண்டாம் நிலை, உடலில் தொடங்கிவிட்ட நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்து, உடனே சிகிச்சை தந்து, வளரவிடாமல் நிறுத்துவது. மூன்றாம் நிலை, ஊன்றிவிட்ட நோயால் வரும் சேதத்தையும் இயலாமையையும் குறைத்து, ஆளை மீண்டும் வாழ்க்கைக்குக் கொண்டுவருவது. நான்காம் நிலை, மருத்துவம் செய்யும் வேலையாலேயே ஒருவருக்கு வரக்கூடிய தீங்கிலிருந்து அவரைக் காப்பது.

இன்னொன்றையும் இப்போதே மனத்திலிருந்து அகற்றிவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம், இரண்டாம் நிலை மருத்துவமனை, மூன்றாம் நிலை மருத்துவமனை என்று நாம் பேசுவது கட்டடங்களின் வரிசை. தடுப்பின் நிலைகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீரிழிவு நோயாளியின் கால் புண்ணுக்குக் கட்டுப் போடுவது மூன்றாம் நிலைத் தடுப்பு. பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்குக் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போடுவது முதல்நிலைத் தடுப்பு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் வந்து அமைந்துவிட்டதால் இந்தக் குழப்பம் ஆண்டுதோறும் வருகிறது.

## 2. எதைத் தடுக்கிறோம் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள்

கட்டத்துக்குள் பேனாவை வைக்கும் முன், நோயின் பெயருக்குக் கீழே தடுக்க வேண்டிய நிகழ்வை எழுத வேண்டும். இதை விட்டுவிட்டால் பின்னால் வரும் எல்லாம் ஆட்டம் காணும்.

தலைக்கவசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்த நிலை என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். ‘விபத்து நடந்த பிறகுதானே வேலை செய்கிறது, எனவே இரண்டாம் நிலை’ என்பார்கள் பாதிப் பேர். ‘முன்கூட்டியே போட்டுக்கொள்கிறோமே, எனவே முதல்நிலை’ என்பார்கள் மற்றவர்கள். தடுக்க வேண்டியது மோதல் என்று எழுதியிருந்தால் தலைக்கவசத்துக்கு முதல்நிலையில் இடமே இல்லை, ஏனெனில் அது எந்த மோதலையும் தடுப்பதில்லை. தடுக்க வேண்டியது தலைக்காயம் என்று எழுதியிருந்தால் தலைக்கவசம் ஐயமின்றி முதல்நிலை. மோதல் நடந்தும் காயம் வராமல் காக்கிறது அல்லவா?

நான் எப்போதும் ‘காயம்’ என்றே எழுதச் சொல்வேன். நாம் சிகிச்சை தருவது காயத்துக்கு. சாவுக்கும் இயலாமைக்கும் காரணம் காயம். ஆகவே இந்த வழிகாட்டியில் மூன்று நிகழ்வுகள் இவை: நீரிழிவு வருதல், காசநோயாக வெளிப்படுதல், சாலையில் உடல் காயப்படுதல்.

## 3. காலக்கோடு வரைந்து, நோய் தொடங்கும் புள்ளியைக் குறியுங்கள்

ஒரு கோடு போடுங்கள். இடக்கோடியில் நலமான ஆள், வலக்கோடியில் நிரந்தரப் பாதிப்பு. நடுவில் நோய் தொடங்கும் புள்ளி. அந்தப் புள்ளிக்கு இடப்பக்கம் செய்வதெல்லாம் முதல்நிலை. இந்த மூன்று நோய்களைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே, அந்தப் புள்ளி மூன்றிலும் வெவ்வேறு விதமாக இருப்பதுதான்.

நீரிழிவில் அது எண்ணால் வரையப்பட்ட புள்ளி. வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ, குளுக்கோஸ் குடித்த இரண்டு மணி நேரம் கழித்து 200-ஓ அதற்கு மேலோ, அல்லது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு. இரண்டு மணி நேர அளவு 140 முதல் 199 வரை இருப்பவர் இன்னும் கோட்டுக்கு இடப்பக்கம்தான் நிற்கிறார். அவருக்கு நீரிழிவு இல்லை, வரக்கூடிய நிலை இருக்கிறது.

காசநோயில் இரண்டு புள்ளிகள். கிருமி உடலுக்குள் நுழைவது ஒன்று, அது நோயாக வெளிப்படுவது மற்றொன்று. கிருமி புகுந்தவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான், அல்லது அதற்கும் குறைவானவர்களுக்குத்தான், வாழ்நாளில் நோயாகிறது. புதியவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். நாம் இரண்டாம் படியில் ‘நோயாக வெளிப்படுதல்’ என்று எழுதிக்கொண்டோம், அதனால் இரண்டாவது புள்ளியே நம் புள்ளி.

சாலைக் காயத்தில் அந்தப் புள்ளி ஒரு விநாடிக்கும் குறைவு. அமைதியாக வளரும் காலமே கிடையாது. இதனால் ‘காயத்துக்கு இரண்டாம் நிலை இல்லை’ என்று கட்டத்தைக் காலியாக விடுபவர்கள் உண்டு. உண்மையில் அந்தக் கட்டம் இருக்கிறது, மிகவும் குறுகலாக இருக்கிறது. ஐந்தாம் படியில் அதைப் பார்ப்போம்.

## 4. முதல்நிலைக் கட்டங்களை நிரப்புங்கள்

கேள்வி இதுதான்: புள்ளிக்கு இடப்பக்கம் நிற்கும் ஆளுக்கு என்ன செய்தால் அவர் புள்ளியைத் தாண்டமாட்டார்?

நீரிழிவுக் கட்டத்தில் ‘விழிப்புணர்வு’ என்று எழுதாதீர்கள். யாருக்கு, என்ன, எவ்வளவு என்று வர வேண்டும். 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு சென்னையில் நடந்தது. சர்க்கரை இடைநிலையில் இருந்தவர்களுக்கு உணவு, நடை குறித்துத் தொடர்ந்து அறிவுரை தரப்பட்டது. மூன்று ஆண்டுகளில், அறிவுரை பெறாத குழுவில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. பெற்றவர்களிடம் அது சுமார் 39 சதவீதம். இந்தக் கட்டத்தில் எழுத இது நல்ல எடுத்துக்காட்டு. முழுதாக நிற்கவில்லை, ஆனாலும் கணிசமாகக் குறைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது.

காசநோய்க் கட்டத்தில் எல்லோரும் பிசிஜி என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். பிசிஜி குழந்தைகளுக்கு வரும் மூளைக் காசநோய் போன்ற கடுமையான வகைகளைத்தான் நன்றாகத் தடுக்கிறது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது பெரிதாகத் தடுப்பதில்லை. எனவே இன்னும் இரண்டைச் சேர்க்கச் சொல்வேன். ஒன்று, நோயாளியின் வீட்டில் உடன் வாழ்பவர்களுக்குத் தரும் தடுப்பு சிகிச்சை. மற்றொன்று உணவு. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், காசநோயாளிகளின் வீட்டாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தபோது, அந்த வீட்டாரிடம் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. ஒரு மூட்டை அரிசியை மருந்தென்று எழுத நம் ஆட்கள் தயங்குகிறார்கள். எழுதுங்கள்.

தடுப்பு சிகிச்சையில் மருந்து கொடுக்கிறோமே, அது எப்படி முதல்நிலை என்று கேட்பார்கள். சிலருடைய உடலில் கிருமி இருக்கலாம், ஆனால் நோய் இன்னும் இல்லை. நாம் எழுதிக்கொண்ட புள்ளிக்கு அது இடப்பக்கம். ‘கிருமி நுழைதல்’ என்று எழுதியிருந்தால் அதே மாத்திரை இரண்டாம் நிலைக்குப் போயிருக்கும்.

சாலைக் காயத்தில் ‘மெதுவாகச் செல்லுங்கள்’ என்பதை வேகத்தடை, வேகக் கண்காணிப்பு, சந்திப்பின் அமைப்பு என்று மாற்றி எழுதுங்கள். வேகத்துக்கு முதலிடம் தருவதற்கு இயற்பியல் காரணம் உண்டு. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 40 கிலோமீட்டரில் சென்றவர் 60-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்கு, உடல் தாங்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு. அடுத்து தலைக்கவசம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இருசக்கர வாகன ஓட்டிகளின் சாவு அபாயத்தை அது சுமார் 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை சுமார் 69 சதவீதமும் குறைப்பதாகத் தெரிந்தது. தாடைப் பட்டையை மாட்டாத கவசம் மோதலின்போது தலையை விட்டுக் கழன்று போகும் என்பதால், கட்டத்தில் ‘பட்டை மாட்டிய தலைக்கவசம்’ என்றே எழுதச் சொல்கிறேன்.

## 5. இரண்டாம் நிலை: தொடங்கிவிட்டதைக் கண்டுபிடித்து நிறுத்துவது

இங்கே இரண்டு பாதிகளும் வேண்டும். கண்டுபிடிப்பது மட்டும் தடுப்பாகாது. சர்க்கரை அளந்து, அட்டையில் எண்ணை எழுதி, ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் கட்டம் பாதிதான் நிரம்பியிருக்கிறது.

நீரிழிவுக்கு: அறிகுறி இல்லாத பெரியவர்களை வீடு தேடிச் சென்று அளந்து, உறுதிசெய்து, மருந்தும் உணவு முறையும் தொடங்கி, மாதாமாதம் கைவிடாமல் தொடர்வது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்த இரண்டு பாதிகளையும் சேர்க்கும் முயற்சி. களத்தில் பரிசோதனை, அதன் பிறகு மாத்திரை வீட்டுக்கே.

காசநோய்க்கு: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை உள்ளவரிடம் சளி எடுத்து மூலக்கூறு பரிசோதனை செய்து, கிருமி இருந்தால் அன்றைக்கோ மறுநாளோ மருந்தைத் தொடங்குவது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள். இந்த ஒரே செயல் நோயாளிக்கு இரண்டாம் நிலை, அவர் பக்கத்தில் படுத்துறங்கும் பேரனுக்கு முதல்நிலை. கட்டத்தில் எழுதும்போது ‘யாருக்கு’ என்பதையும் எழுதச் சொல்வது இதனால்தான்.

சாலைக் காயத்துக்கு: காயம் பட்டுவிட்டது, அது உயிரைக் கொல்லும் அளவுக்கு வளர்வதற்குள் நிறுத்த வேண்டும். மாதங்களுக்குப் பதில் நிமிடங்கள். பீய்ச்சும் இரத்தத்தைத் துணியால் அழுத்திப் பிடிப்பது, மூச்சுவழியைத் திறந்து வைப்பது, கழுத்தை அசைக்காமல் பார்த்துக்கொள்வது, 108-ஐ அழைப்பது. மருத்துவமனையில், வெளியே தெரியாத வயிற்று இரத்தக்கசிவைத் தேடுவது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று வாந்தி எடுத்து மயங்கினால் தலைக்குள் இரத்தம் கட்டுகிறது என்று உணர்ந்து ஸ்கேன் எடுப்பது. இவையெல்லாம் ‘அறிகுறிக்கு முன் கண்டுபிடித்தல்’ என்பதன் சாலை வடிவம்.

இந்தக் கட்டத்துக்குச் சட்டமும் பணமும் கூட உள்ளே வரும். விபத்தில் சிக்கியவரைக் காப்பாற்றுபவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் செலுத்தும் ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கியது. தூக்கிச் செல்லத் தயங்கும் கையையும், முன்பணம் கேட்கும் கவுன்ட்டரையும் கடந்தால்தான் இரண்டாம் நிலைத் தடுப்பு நடக்கும்.

## 6. மூன்றாம் நிலை: எங்கே தொடங்குகிறது என்பதில்தான் சிக்கல்

சிகிச்சை எல்லாமே மூன்றாம் நிலை என்று எழுதுவது அடுத்த பெரிய பிழை. ஆரம்பத்திலேயே கண்டு தரும் சிகிச்சை இரண்டாம் நிலை. நோய் ஊன்றிய பிறகு, அதன் பின்விளைவுகளைத் தள்ளிப்போடவும் இயலாமையைக் குறைக்கவும் செய்வது மூன்றாம் நிலை. எல்லை கோடு போட்டதுபோல் தெளிவாக இருக்காது. நான் பயன்படுத்தும் கேள்வி: ‘இன்று நாம் காக்க நினைப்பது நோயிலிருந்தா, நோய் விட்டுச் செல்லும் சேதத்திலிருந்தா?’

நீரிழிவு பல ஆண்டுகளாக உள்ளவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை கண் விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் புரதம், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பது. பாதப் பரிசோதனை எளியது, செலவில்லாதது. அப்படியிருந்தும் நான் பார்த்த மையங்களில் அதிகம் விடுபடுவது இதுதான். நோயாளி செருப்பைக் கழற்றுவதில்லை, நாமும் கழற்றச் சொல்வதில்லை.

காசநோய் குணமான பிறகும் மூச்சு வாங்குபவருக்கு மூச்சுப் பயிற்சி, புகையை விட உதவி, இழந்த எடையை மீட்கும் உணவு. மருந்து தொடங்கும் அன்றே மிக மோசமான நிலையில் இருப்பவரைப் பிரித்தறிந்து மருத்துவமனையில் சேர்ப்பதும் உண்டு. தமிழ்நாட்டில் 2022 முதல் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இதைச் செய்கிறது. எடைக்கும் உயரத்துக்குமான குறியீடு, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, துணையில்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். எக்ஸ்ரே கூடத் தேவையில்லை. சாவைத் தடுப்பதே குறி என்பதால் நான் இதை மூன்றாம் நிலையில் வைக்கிறேன். இரண்டாம் நிலையில் எழுதியவரிடம் காரணம் கேட்பேன், சரியான காரணம் சொன்னால் மதிப்பெண் குறைக்கமாட்டேன்.

சாலைக் காயத்தில்: படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தல், பிசியோதெரபி, செயற்கைக் கால், வேலைக்குத் திரும்ப ஏற்பாடு, விபத்துக்குப் பின் வரும் அச்சத்துக்கும் மனச்சோர்வுக்கும் ஆலோசனை.

## 7. நான்காம் நிலையைக் கடைசியில், குறுக்காக எழுதுங்கள்

மூன்றுக்கு அடுத்து நான்கு வருவதால், இதை நோயின் இறுதிக் கட்டம் என்று எண்ணி வலி தணிப்புச் சிகிச்சையை எழுதுகிறார்கள். அது தவறு. நான்காம் நிலை காலக்கோட்டின் எந்த இடத்திலும் வரும். ஏற்கெனவே எழுதிய ஒன்பது கட்டங்களையும் மீண்டும் பார்த்து, ‘நாம் செய்யும் இந்த வேலை யாரைக் காயப்படுத்தும்?’ என்று கேட்பதே இந்த நிலை. ஒன்பதும் எழுதி முடியாமல் இதை எழுத முடியாது என்பதால்தான் இது கடைசிப் படி.

பெல்ஜியத்தைச் சேர்ந்த குடும்ப மருத்துவர் மார்க் ஜமூல் இதற்கு ஓர் எளிய சதுரம் தந்தார். ஒரு பக்கம் நோயாளி தன்னை நோயாளியாக உணர்கிறாரா என்பது. மறுபக்கம் மருத்துவர் நோயைக் காண்கிறாரா என்பது. நோயாளி துன்பப்படுகிறார், மருத்துவரோ எந்த நோயையும் காணவில்லை என்ற மூலையில்தான் தேவையற்ற பரிசோதனைகளும் மாத்திரைகளும் அதிகம் குவிகின்றன. நான்காம் நிலை முளைத்த இடம் அந்த மூலை. ஆனால் மற்ற மூன்று மூலைகளுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

நீரிழிவில், சர்க்கரையை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் தீங்கைக் கொண்டுவரும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த அக்கார்ட் ஆய்வில், மாரடைப்பு அபாயம் அதிகமுள்ள நோயாளிகளின் எச்பிஏ1சி-யை 6 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். அந்தக் குழுவில் சாவு கூடியதால் 2008-இல் தீவிரச் சிகிச்சையை நிறுத்தினார்கள். எண்பது வயதில், தனியாக வாழும், சரியாகச் சாப்பிடாத ஒருவருக்கு 8 சதவீதம் அளவு இலக்கு போதும். இரவில் சர்க்கரை தாழ்ந்து குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிவதைத் தடுப்பது இங்கே உண்மையான தடுப்பு.

காசநோயில் தெளிவான எடுத்துக்காட்டை அரசே தந்திருக்கிறது. இரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்த்துக் காசநோய் என்று சொல்லும் சோதனைகள் ஒருகாலத்தில் தனியார் ஆய்வகங்களில் பரவலாக இருந்தன. இல்லாத நோயை இருப்பதாகவும் இருக்கும் நோயை இல்லை என்றும் அவை காட்டின. 2012-இல் இந்திய அரசு அவற்றைத் தடைசெய்தது. சளியில் கிருமியைத் தேடாமல், நிழல் தெரியும் எக்ஸ்ரேயை மட்டும் வைத்து ஆறு மாத மருந்தைத் தொடங்குவதும் இதே வகைத் தீங்கு. மருந்தால் கல்லீரல் பாதிக்கப்படலாம், உண்மையான நோய், புற்றுநோயாகக்கூட இருக்கலாம், காத்திருந்து வளரும்.

சாலைக் காயத்துக்கு வரும்போது பேனாக்கள் நின்றுவிடும். ‘அடிபட்டவருக்கு என்ன அதிகச் சிகிச்சை?’ என்பார்கள். தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுப்பது பல ஆண்டுகளாக வழக்கமாக இருந்தது. மூளை வீக்கத்தைக் குறைக்கும் என்ற நம்பிக்கை. 2004-இல் வெளியான கிராஷ் ஆய்வில், ஸ்டீராய்டு பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் சுமார் 21 சதவீதம். பெறாதவர்களில் அது 18 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. நல்லெண்ணத்தில் கொடுத்த ஊசி சாவைக் கூட்டியிருந்தது. இன்னொன்று, இரத்தப்போக்கை நிறுத்தும் டிரானெக்சாமிக் அமிலம். காயம் பட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் உயிர் காக்கிறது. அதன் பிறகு தொடங்கினால் இரத்தப்போக்குச் சாவு கூடியது. ஒரே மருந்து கடிகாரத்தைப் பொறுத்து இரண்டாம் நிலைக் கட்டத்திலிருந்து நான்காம் நிலை எச்சரிக்கையாக மாறுகிறது.

நான்காம் நிலை என்றால் சிகிச்சையை மறுப்பது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காசநோய் உறுதியானவர் ‘கல்லீரலுக்கு ஆபத்தாமே’ என்று மருந்தை நிறுத்தினால், நிறுத்தும்படி விட்டுவிடுவது தடுப்பாகாது. கல்லீரலைச் சோதித்துக்கொண்டே மருந்தைத் தொடரச் செய்வதே தடுப்பு.

## 8. ஒரு வீட்டை வைத்து முழுதாகச் செய்து பார்ப்போம்

வகுப்பில் நான் பயன்படுத்தும் கற்பனை வீடு இது. 47 வயது சரக்கு வேன் ஓட்டுநர். 19 வயது மகள், ஸ்கூட்டரில் கல்லூரிக்குச் செல்கிறாள். 66 வயது தாய், பன்னிரண்டு ஆண்டாக நீரிழிவு, கிளிமெபிரைடு மாத்திரை சாப்பிடுகிறார், இப்போது மூன்று வாரமாக இருமல். தங்கையின் 4 வயது மகன் பாட்டியோடு படுத்துறங்குகிறான்.

ஓட்டுநர். முதலில் இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் போடுகிறோம். வயது 35 முதல் 49-க்குள் என்பதால் 20. இடுப்புச் சுற்றளவு 94 சென்டிமீட்டர், அதற்கு 10. நாள் முழுதும் உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சி இல்லை, 30. பெற்றோரில் ஒருவருக்கு நீரிழிவு, 10. கூட்டினால் 70. 60-ம் அதற்கு மேலும் உயர் அபாயம். எனவே இரத்தம் பார்க்கிறோம். இரண்டு மணி நேர அளவு 172. மறைந்திருக்கும் நீரிழிவைத் தேடியது இரண்டாம் நிலைச் செயல். நீரிழிவு இல்லை, இடைநிலை என்று தெரிந்துவிட்டது. இனி அவருக்குத் தரும் உணவு மாற்றமும் நடையும் முதல்நிலை. அபாய மதிப்பெண் 70 என்பதையே நோயென்று எடுத்துக்கொண்டு மருத்துவரைக் கேட்காமல் மாத்திரை தொடங்கினால், நான்காம் நிலையில் தடுக்க வேண்டிய பிழை.

தாய். சளியில் கிருமி இருக்கிறது. ஆறு மாத மருந்து தொடங்குகிறது, அவருக்கு இரண்டாம் நிலை. நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு அதிகம். அதனால் அவருடைய சர்க்கரையை முன்பே கட்டுக்குள் வைத்திருந்தால், அது நீரிழிவு வரிசையில் மூன்றாம் நிலையாகவும் காசநோய் வரிசையில் முதல்நிலையாகவும் எழுதப்பட்டிருக்கும். வகுப்பில் இதைத் தாமாகக் கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்குப் பாடம் பிடிபட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிடும். பாதத்தைச் சோதிப்பதும் கண் பார்ப்பதும் மூன்றாம் நிலை.

சிறுவன். இருமலோ காய்ச்சலோ எடைக் குறைவோ இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நோய் இல்லை என்று உறுதியான பிறகே ஐசோனியசிட் தடுப்பு மருந்து, தினமும் ஆறு மாதம். இந்த வரிசையை மாற்றினால் ஆபத்து. நோய் இருக்கும் குழந்தைக்கு ஒரே மருந்தைத் தனியாகக் கொடுத்தால், அந்த மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகலாம். முதல்நிலைக் கட்டத்தில் எழுதிய மாத்திரைக்குக் கீழேயே நான்காம் நிலைக் குறிப்பையும் எழுதிவிடுங்கள்.

மகள். பட்டை மாட்டிய தலைக்கவசமும் கல்லூரிச் சந்திப்பில் வேகத்தடையும் முதல்நிலை. ஒருநாள் ஆட்டோ உரசி விழுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தலையில் லேசான அடி, மயக்கம் இல்லை, வாந்தி இல்லை, நினைவு தெளிவாக இருக்கிறது. மருத்துவர் சோதித்துவிட்டு, எந்த அறிகுறி வந்தால் திரும்ப வர வேண்டும் என்று எழுதித் தந்து, வீட்டார் கண்காணிப்பில் அனுப்புகிறார். கண்காணிப்பு இரண்டாம் நிலை. ‘எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாமே’ என்று உறவினர் வற்புறுத்தும்போது, தேவையற்ற கதிர்வீச்சைப் பற்றி விளக்கிச் சொல்லி அனுப்புவது நான்காம் நிலை.

## 9. தாளைக் கொடுக்கும் முன் சரிபார்க்க

ஒவ்வொரு கட்டத்திலும் விரலை வைத்து, ‘இந்த ஆளுக்கு இந்த நோய் இப்போது இருக்கிறதா?’ என்று கேளுங்கள். ‘இல்லை’ என்ற விடை வந்தும் கட்டம் இரண்டிலோ மூன்றிலோ இருந்தால், பெரும்பாலும் தவறு. தேடுதல் பரிசோதனை மட்டும் விலக்கு, ஏனென்றால் விடை தெரியாமல்தான் அதைச் செய்கிறோம்.

அடுத்து, ஆளை மாற்றிப் பாருங்கள். தாய்க்குப் பதில் பேரன் என்று வைத்தால் கட்டம் மாறுகிறதா? மாறினால், யாருக்கு என்று கட்டத்துக்குள் எழுத மறந்திருக்கிறீர்கள்.

கடைசியாகத் தேதிகளைப் பாருங்கள். நான் பார்த்த தாள்களில் மிக அரிதாகவே எழுதப்பட்ட ஒன்று இங்கே இருக்கிறது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், கிளிமெபிரைடு உடலில் விரைவாகச் சிதையும்படி செய்யும். அதனால் அந்தத் தாய்க்குச் சர்க்கரை ஏறும், மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டுவார் அல்லது இன்சுலின் சேர்ப்பார். ஆறாம் மாத முடிவில் ரிஃபாம்பிசின் நின்றுவிடும். கூட்டிய அளவு அப்படியே தொடர்ந்தால், அடுத்த சில வாரங்களில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். காசநோய் அட்டை மூடப்படும் நாளும் நீரிழிவு அட்டையில் மறுபரிசோதனை எழுதப்படும் நாளும் ஒன்றாக இருக்கட்டும். மருந்து நின்ற பின் வரும் வாரங்களில் வாரம் ஒருமுறையாவது சர்க்கரை பார்த்து, மருத்துவரிடம் அளவைக் குறைக்கக் கேட்க வேண்டும் என்று நான்காம் நிலைக் கட்டத்தில், தாயின் பெயருக்கு நேரே, எழுதுங்கள்.